ரூட்டரை மாற்றும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்: ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதன் பொருள்

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு 3,200 ரூபாய் கொடுத்துப் புதிய வைஃபை ரூட்டர் வாங்கினார். இரவு எட்டு மணிக்கு மேல் அவர் வீட்டில் படம் நின்று நின்று ஓடியது. இணைப்புக் கொடுத்த உள்ளூர் கேபிள்காரரை அழைத்துக் கேட்டபோது, “ரூட்டர் பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டார். புதிய ரூட்டரை மாட்டிய அன்றிரவும் எட்டு மணிக்குப் படம் அதே இடத்தில் நின்றது. மறுநாள் மாலை அவர் இரண்டு ரூட்டர்களையும் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் முதலில் கேட்டது, இணைப்பு வாங்கியபோது ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் எங்கே என்பதைத்தான். அப்படி ஒன்று இருப்பதே தமக்குத் தெரியாது என்றார்.

புதிதாக வீட்டு ஃபைபர் இணைப்பு வாங்கியவர்களும், வாங்கிய இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று தவிப்பவர்களும் ரூட்டரின் மேல் கைவைக்கும் முன் செய்ய வேண்டியவற்றை, அவருக்கு நான் செய்து காட்டிய அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் கிடைக்கும் வழக்கமான வீட்டு ஃபைபர் இணைப்பை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில் மூன்று எண்களைத் தேடுங்கள்

உங்கள் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ திட்டத்தின் பெயரைத் தொட்டால் விலையும் வேகமும் பெரிய எழுத்தில் தெரியும். அதற்குக் கீழே, பெரும்பாலும் பக்கத்தின் அடியில், விதிமுறைகளும் நிபந்தனைகளும் என்ற இணைப்பு இருக்கும். அதைத் திறந்து ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எண் உச்ச வேகம். விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று பளிச்சென்று போட்டிருப்பது, நிபந்தனைக்குள் வரும்போது ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று மாறியிருக்கும். இந்த ‘வரை’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் இணைப்புக்கு நிறுவனம் போட்டிருக்கும் கூரை அது. அதற்கு மேல் போக விடமாட்டோம் என்பதே அதன் நேரான பொருள். அதற்குக் கீழே போகாது என்ற பொருள் அதில் எங்குமே இல்லை.

இரண்டாவது எண், குறிப்பிட்ட தரவளவைத் தாண்டிய பிறகு கிடைக்கும் வேகம். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் பல திட்டங்களில்கூட மாதத்துக்கு 3,300 ஜிபி என்ற எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடந்ததும் இணைப்பு துண்டிக்கப்படாது, வேகம் மட்டும் குறைக்கப்படும். எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். நிபந்தனைகளில் ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற தலைப்பின் கீழ் இது இருக்கும். வழக்கில் எஃப்யுபி என்பார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச வேகம் என்று சொல்லத்தக்க ஒரே எண் இதுதான் என்பதைக் கவனியுங்கள். அதுவும் சாதாரண நாள்களுக்கான உறுதி அன்று. அளவைத் தாண்டியவருக்கு நிறுவனம் விட்டுவைக்கும் மிச்சம்.

நிலைத்த பிராட்பேண்ட் இணைப்புகளில் இந்த மிச்சம் 512 கேபிபிஎஸுக்குக் கீழே போகக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016 அக்டோபரில் ஆணையிட்டது. 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வரையறையே 2 எம்பிபிஎஸாக உயர்த்தப்பட்டது. 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் அது வெறும் 256 கேபிபிஎஸ்தான். ஆக, 100 என்ற கூரைக்கும் சட்டம் வைத்திருக்கும் தரைக்கும் இடையில் உள்ள உயரம் மிகப் பெரிது. உங்கள் மாலை நேரம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் எங்கோதான் கழிகிறது.

மூன்றாவது எண், அல்லது எண்ணாகவே எழுதப்படாத ஒரு வாக்கியம், பகிர்வைப் பற்றியது. ‘இச்சேவை பகிரப்பட்ட அலைவரிசையில் வழங்கப்படுகிறது’, ‘இயன்ற அளவு சிறப்பாக வழங்க முயல்வோம்’, ‘உண்மையான வேகம் நெரிசலைப் பொறுத்தது’ என்பன போன்ற தொடர்கள் அங்கே இருக்கும். சிலர் விகிதத்தையும் எழுதியிருப்பார்கள். 2009இல் ட்ராய் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே கொள்ளளவை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதைக் குறிக்கும் இந்த விகிதம் வீட்டு இணைப்புகளுக்கு 1:50 என்றும், வணிக இணைப்புகளுக்கு 1:30 என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஒரே வேகத்துக்கு வணிக இணைப்பின் விலை அதிகமாக இருப்பதற்கு இந்த விகிதமும் ஒரு காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி, நிலைத்த இணைய இணைப்பு ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், உச்ச வேகம், விளம்பரப்படுத்திய வேகம் ஆகிய நான்கையும் எழுதியே தீர வேண்டும். நம் ஊர் ஒப்பந்தங்களில் அவை அப்படி ஒரே இடத்தில் அடுக்கிக் கிடைப்பதில்லை. நாம்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

எந்த இடம் வரை அந்த வேகம் என்று பாருங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் வரி இது. வேகம் எங்கிருந்து எங்கே அளக்கப்படுகிறது என்பதை நிபந்தனைகள் எப்படியாவது சொல்லிவிடும். ‘எங்கள் கணுவிலிருந்து வாடிக்கையாளர் முனை வரை’ என்றோ, ‘எங்கள் வலையமைப்புக்குள் மட்டும்’ என்றோ எழுதியிருப்பார்கள். கணு என்பது பல பகுதிகளின் இணைப்புகள் வந்து சேரும் நிறுவனத்தின் மையக் கருவி. கூடவே ‘வைஃபை வழியாகக் கிடைக்கும் வேகத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரியும் இருக்கும். இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து உங்கள் இணைப்பை மூன்று துண்டுகளாக வெட்டுகின்றன: வீட்டுக்குள் ரூட்டரிலிருந்து உங்கள் கைபேசி வரை ஒரு துண்டு, ரூட்டரிலிருந்து நிறுவனத்தின் கணு வரை ஒரு துண்டு, கணுவிலிருந்து வெளியுலகம் வரை ஒரு துண்டு. நடுத்துண்டுக்கு மட்டும்தான் நிறுவனம் ஓரளவாவது வாக்குக் கொடுத்திருக்கிறது.

ட்ராயின் 2006ஆம் ஆண்டுத் தரவிதிகளும் இந்த நடுத்துண்டைத்தான் அளந்தன. நிறுவனத்தின் கணுவிலிருந்து பயனர் வரை, சந்தா செலுத்திய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்பது அதிலிருந்த அளவுகோல். உச்ச நேரத்தில் இணைப்புத் தடங்களின் பயன்பாடு 80 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 90 சதவீதத்தைத் தாண்டினால் அது நெரிசல் என்று கொண்டு, ஒரு மாதத்துக்குள் கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. 2024 அக்டோபர் 1 முதல் புதிய தரவிதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இவ்வகை அளவுகோல்கள் நிறுவனத்தின் வலையமைப்பு முழுமைக்கும் உரியவை. உங்கள் வீட்டுக்கென்று கொடுத்த தனி உறுதிமொழி என்று அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நெரிசல் என்பதை எண்ணால் எப்படிப் பேசுவது என்று அவை கற்றுத்தருகின்றன. புகார் எழுதும்போது அந்தப் பேச்சுதான் கைகொடுக்கும்.

பகிர்வு எங்கே நடக்கிறது

உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும், இழையை ரூட்டரோடு இணைக்கும் சிறிய ஓஎன்டி பெட்டிக்கு வரும் கண்ணாடி இழை உங்களுக்கென்று தனியாக நிறுவன அலுவலகம் வரை போவதில்லை. தெருக் கம்பத்தில் இருக்கும் பிரிப்பானில் அது மற்ற வீடுகளின் இழைகளோடு சேர்ந்து, ஒற்றை இழையாகப் போகிறது. பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில் அந்த ஒற்றை இழையில் கீழிறக்கத்துக்கு ஏறத்தாழ 2,488 எம்பிபிஎஸும் மேலேற்றத்துக்கு அதில் பாதியும் உண்டு. அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 64 வீடுகளுக்கும் 100 எம்பிபிஎஸ் விற்றிருந்தால் மொத்தம் 6,400 விற்கப்பட்டிருக்கிறது, இருப்பதோ 2,488. இதைக் கேட்டுப் பலர் கொதிப்பார்கள். ஆனால் இது மோசடி அன்று. 64 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பது நடைமுறையில் நடக்காது. ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே பேருந்தில் ஏற வருவார்கள் என்று நினைத்து யாரும் பேருந்து கட்டுவதில்லையே.

சிக்கல் பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. இந்த இழைகள் எல்லாம் சேரும் உள்ளூர்ச் சந்திப்பிலிருந்து, அதாவது கேபிள்காரரின் அறையில் இருக்கும் கருவியிலிருந்து, நிறுவனத்தின் கணு வரை செல்லும் தடத்தில்தான் இறுக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தடம் 1,000 எம்பிபிஎஸ், அதன் கீழ் 300 வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றது 30,000, இருப்பது 1,000, விகிதம் 1:30. காகிதத்தில் பார்த்தால் இது மோசமான விகிதம் அன்று. காலை ஆறு மணிக்கு இருபது வீடுகள் விழித்திருந்தால் உங்களுக்கு முழு 100 கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்கு 200 வீடுகளில் ஆளுக்கொரு எச்டி படம் ஓடுகிறது, ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் என்றால் தடம் நிரம்பிவிட்டது. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு பெரிய கோப்பை இறக்கத் தொடங்கினால், மற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டுதான் அது வர வேண்டும். ரூட்டர் 3,200 ரூபாயோ 32,000 ரூபாயோ, இந்தத் தடத்தை அது ஒரு அங்குலம்கூட அகலமாக்காது.

எஃப்யுபியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்

வேகத்தை அளக்கத் தொடங்கும் முன், நிறுவனச் செயலியில் இந்த மாதப் பயன்பாடு எவ்வளவு என்று பாருங்கள். தலைமையாசிரியர் வீட்டில் அது 740 ஜிபி, எல்லை 3,300. எனவே எஃப்யுபி காரணமில்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

3,300 ஜிபி என்பது வீட்டுக்குப் பெரிய அளவு. 5 எம்பிபிஎஸில் ஓடும் படம் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி எடுக்கும். மூன்று திரைகள் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் மாதம் 1,215 ஜிபிதான் ஆகும். ஆனால் எதிர்பாராத ஒரு இடத்தில் இது வழுக்கும். பல நிறுவனங்கள் இறக்கத்தையும் ஏற்றத்தையும் சேர்த்தே எண்ணுகின்றன. 2 எம்பிபிஎஸில் இரவும் பகலும் மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சிசிடிவி கேமரா மாதம் 648 ஜிபி தின்னும். நான்கு கேமரா வைத்தவர் 2,592 ஜிபியைப் படமே பார்க்காமல் கடந்திருப்பார். மாதக் கடைசியில் மட்டும் இணையம் செத்துப்போகிறது என்று புலம்பும் கடைக்காரர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 5ஜி அலைவழி வரும் வீட்டு இணைப்புகளில் எல்லை 1,000 ஜிபி அளவில் இருப்பதும் உண்டு. அங்கே இது இன்னும் விரைவில் கடிக்கும்.

கம்பி வழியாக, நேரம் குறித்து அளந்து பாருங்கள்

இனி அளவை. கைபேசியில் வைஃபை வழியாக எடுத்த எண்ணைக் காட்டிப் புகார் செய்தால், மேலே சொன்ன அந்த ஒற்றை வரியைக் காட்டி நிறுவனம் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். மடிக்கணினியை லேன் கம்பியால் ரூட்டரோடு நேராக இணைத்து, வைஃபையை அணைத்து, வீட்டில் உள்ள மற்றவர்களை ஐந்து நிமிடம் எதையும் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள். (எங்கள் வீட்டில் இதுதான் மிகக் கடினமான படி.)

இரண்டு சிறு பொறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகம் `Mbps` என்று எழுதப்படும். கோப்பு இறக்கும் செயலிகள் `MB/s` என்று காட்டும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கம் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகவே போகாது, 11.8 என்று தெரிந்தால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது, ரூட்டரின் லேன் துளை பழைய வகையாக இருந்தாலோ, கம்பிக்குள் ஒரு ஜோடி அறுந்திருந்தாலோ, எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் எண் 94ஐ ஒட்டியே நின்றுவிடும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் காலையும் இரவும் அசையாமல் 94 வந்தால் மட்டும் ரூட்டரையும் கம்பியையும் தாராளமாகச் சந்தேகிக்கலாம். அங்கே குற்றவாளி உண்மையிலேயே வீட்டுக்குள் இருக்கிறான்.

`speedtest.net` தளத்தைத் திறந்தால் அது தானாகவே ஒரு சர்வரைத் தேர்ந்துகொள்ளும். பல நேரங்களில் அது உங்கள் நிறுவனமே வைத்திருக்கும் சர்வராக இருக்கும். அதில் கிடைக்கும் எண், நிறுவனத்தின் வலையமைப்புக்குள் மட்டுமான எண். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டு அளவை எடுங்கள்: நிறுவனத்தின் சொந்த சர்வரைத் தேர்ந்து ஒன்று, சென்னையிலோ மும்பையிலோ உள்ள வேறொரு நிறுவனத்தின் சர்வரைத் தேர்ந்து மற்றொன்று. காலை ஆறு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று வேளை, வார நாள் இரண்டும் ஞாயிறு ஒன்றுமாக மூன்று நாள் எடுத்தால் போதும். ஒவ்வொன்றையும் திரைப்பிடிப்பாக வையுங்கள். தேதியும் நேரமும் அதில் தெரிய வேண்டும்.

தலைமையாசிரியர் வீட்டில் காலையில் இரண்டு சர்வரிலும் 94, பிற்பகலில் 88 வாக்கில் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் சொந்த சர்வரிலேயே 33, வெளிச் சர்வரில் 29. மூன்று நாளும் ஏறக்குறைய இதே கதை. இதைத் தாளில் வரிசையாக எழுதிக் காட்டியதும் அவரே, “அப்போ காலையிலே நல்லா இருக்கிற ரூட்டர் ராத்திரியிலே மட்டும் எப்படிப் பழசாகும்?” என்று கேட்டார். பாடம் நடத்தியவர் அல்லவா.

பிறகு, வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் இந்தக் கட்டளையை, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் காலையும் இரவும் ஓட்டினோம்.

```
tracert -d 8.8.8.8
```

காலையில் முதல் மூன்று வரிகள் இப்படி வந்தன.

```
1   <1 ms   <1 ms   <1 ms   192.168.1.1
2    3 ms    3 ms    4 ms   100.64.0.1
3    9 ms    9 ms   10 ms   ...
```

இரவில் இப்படி.

```
1   <1 ms   <1 ms   <1 ms   192.168.1.1
2   48 ms   61 ms   55 ms   100.64.0.1
3   57 ms   66 ms   60 ms   ...
```

முதல் வரி உங்கள் ரூட்டர். அது இரண்டு வேளையும் ஒரு மில்லிநொடிக்குள் பதில் சொல்லியிருக்கிறது. அதாவது ரூட்டர் சும்மாதான் இருக்கிறது. இரண்டாவது வரி வீட்டை விட்டு வெளியேறியதும் சந்திக்கும் நிறுவனத்தின் முதல் கருவி. 3 என்பது 50ஐத் தாண்டுகிறது என்றால் வீட்டுக்கும் அந்தக் கருவிக்கும் இடையில் தரவுப் பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு எச்சரிக்கை: நடுவில் உள்ள கருவிகள் சில இத்தகைய சோதனைகளுக்கு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்லும். எனவே இரண்டாம் வரி மட்டும் உயர்ந்து மூன்றாம் வரி மீண்டும் 9க்கு இறங்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். உயர்ந்த எண் அடுத்தடுத்த வரிகளிலும் தொடர்ந்தால்தான் அது நெரிசல்.

எண்கள் சொல்வதைப் பிரித்தறிதல்

வேகம் மணிக்கு மணி மாறுகிறது, அறைக்கு அறை மாறவில்லை, கம்பியிலும் அதே குறைவு என்றால் அது பகிர்வு நெரிசல். குறிப்பிட்ட தேதி முதல் காலை, மாலை பாராமல் ஒரே தட்டையான சிறிய எண் வந்து, பில் தேதி மாறியதும் சரியாகிவிட்டால் அது எஃப்யுபி. கம்பியில் 94 வந்து படுக்கையறையில் 20 மட்டும் வந்தால் அது வைஃபை. அப்போதும்கூட, புதிய ரூட்டர் வாங்கும் முன் கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து 5க்கு மாற்றுங்கள்.

நேரம், அறை, தேதி எதையும் மதிக்காமல் விட்டுவிட்டு அறுந்தால் ஓஎன்டி பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். `LOS` என்ற விளக்கு சிவப்பாகவோ சிமிட்டியோ இருந்தால் இழையில் மடிப்போ அழுக்கோ உண்டு. அதை ஒப்பந்தத்தில் தேட வேண்டியதில்லை. ஆளை வரச்சொல்ல வேண்டும். சொந்த சர்வரில் இரவிலும் 94 வந்து, வெளிச் சர்வர்களில் மட்டும் 29 வந்தால் குறை கணுவுக்கு அப்பால் இருக்கிறது. நிபந்தனை அந்தத் துண்டுக்குப் பொறுப்பேற்காத நிலையில், புகார் செய்யலாமே தவிர பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

தலைமையாசிரியரின் நிலை இதற்கு நேர்மாறானது. சொந்த சர்வரிலேயே 33 என்பதால், நிறுவனம் தானே வாக்குக் கொடுத்த நடுத்துண்டில்தான் குறை என்று நிறுவ முடிந்தது.

புகாரை ஒப்பந்தத்தின் மொழியில் எழுதுங்கள்

‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் அடுத்த வரி ‘ரூட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்றுதான் வரும். அவர் செயலியில் எழுதிய புகார் ஏறக்குறைய இப்படி இருந்தது: “100 எம்பிபிஎஸ் வரையிலான திட்டம், இம்மாதப் பயன்பாடு 740 ஜிபி, எனவே எஃப்யுபி எட்டப்படவில்லை. லேன் கம்பி வழியாக, தங்கள் சொந்த சர்வரில், காலை 6 மணிக்கு 94, இரவு 9 மணிக்கு 33 எம்பிபிஎஸ். மூன்று நாள் பதிவுகள் இணைக்கப்பட்டுள்ளன. ரூட்டர் வரை தாமதம் 1 மில்லிநொடிக்குள். தங்கள் முதல் கருவி வரை காலையில் 3, இரவில் 50க்கு மேல். எங்கள் பகுதிச் சந்திப்பிலிருந்து கணு வரையிலான தடத்தின் உச்ச நேரப் பயன்பாடு எத்தனை சதவீதம் என்பதைத் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியமானது. அதற்கு ‘ரூட்டரை மாற்றுங்கள்’ என்பது பதிலாகாது. புகாரைப் பதிந்ததும் தரும் எண்ணை எழுதி வையுங்கள்; அந்த எண் இல்லாத தொலைபேசி உரையாடல் நடக்காத உரையாடலுக்குச் சமம். குறித்த காலத்துக்குள் தீர்வு வராவிட்டால், அல்லது வந்த தீர்வு நிறைவு தராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ட்ராய் நேரடியாகத் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘வரை’ என்று இருக்கும்போது, 94க்குப் பதில் 60 வந்தது என்று அங்கே போய் நிற்பதில் பயனில்லை என்பது என் கருத்து. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விழுவது வேறு, மாலையில் சற்றுத் தளர்வது வேறு.

எங்கள் தலைமையாசிரியருக்கு இரண்டாம் புகாருக்குப் பிறகு ஒரு தொழில்நுட்பர் வந்தார். பதிவுகளைப் பார்த்துவிட்டு, ரூட்டரைத் தொடவேயில்லை. “இந்த ஏரியாவுக்கு ஒரு ஜிகாதான் சார் போட்டிருக்கு, கனெக்ஷன் ஏறிடுச்சு” என்று ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் கழித்து இரவு ஒன்பது மணிக்கு 78 வந்தது. காலை 94, இரவு 78 என்ற அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது. அது வீட்டு இணைப்பின் விலைக்குள் அடங்கிய இடைவெளி. அதுவும் கூடாது என்பவர், பகிர்வு விகிதம் குறைவாக எழுதப்பட்ட வணிக இணைப்பையோ, தனித்தடமான லீஸ்டு லைனையோ பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்றும் அவர் கேட்டார். மாறும் முன் அந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு, கம்பி வழியாக ஒரு அளவை எடுத்துப் பாருங்கள் என்றேன். ஊருக்கு ஊர் பெரிய பெயர்கள் மாறினாலும், தெருவில் பகிரப்படும் தடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை விளம்பரத்தில் பார்க்க முடியாது, அந்த வீட்டில்தான் பார்க்க முடியும். அவர் மூன்றாம் வீட்டில் போய் அளந்தார். அங்கே அதே நேரத்தில் 41 வந்தது, அதனால் அவர் நிறுவனம் மாறவில்லை. வாங்கிய புதிய ரூட்டரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால், அது இப்போது மாடியறையில் இரண்டாவது வைஃபை முனையாக ஓடிக்கொண்டிருக்கிறது.